பால் சங்கத்தின் முதலாளி யார்? கூட்டுறவைப் படிப்படியாகப் புரிந்துகொள்ளலாம்

எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கெல்லாம் சொசைட்டி வாசலில் தூக்குவாளிகளோடு வரிசை நின்றுவிடும். "சொசைட்டிக்காரர்கள் பணம் போட்டுவிட்டார்களா?" என்று அந்த வரிசையில் யாராவது கேட்பார்கள். சிறுவயதில் நானும் சொசைட்டிக்காரர் என்றால் யாரோ வெளியூர் முதலாளி என்றுதான் நினைத்திருந்தேன். வரிசையில் நிற்பவர்கள்தான் அந்த முதலாளிகள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கூட்டுறவுச் சங்கம் என்றால் என்ன என்பதைக் கிராமத்துப் பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கத்தை வைத்தே சொல்கிறேன்.

படி 1: பால் ஊற்றுவது வேறு, உறுப்பினராக இருப்பது வேறு

சங்கத்தில் பால் ஊற்றுவதாலேயே ஒருவர் உறுப்பினர் ஆகிவிட மாட்டார். விண்ணப்பம் கொடுத்து, நுழைவுக் கட்டணமும் பங்குத் தொகையும் கட்ட வேண்டும். பெரும்பாலும் சின்னத் தொகைதான். பணம் கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். உறுப்பினர் பதிவேட்டில் உங்கள் பெயரும் எண்ணும் ஏறிவிட்டனவா என்று கண்ணால் பாருங்கள்.

யார் பெயரில் பதிகிறோம் என்பதும் முக்கியம். எங்கள் வீட்டில் மாட்டைக் குளிப்பாட்டி, தீவனம் வைத்து, பால் கறந்து, சங்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றியது எல்லாம் அம்மா. உறுப்பினர் அட்டை அப்பா பெயரில் இருந்தது. அதனால் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை அம்மாவுக்கு இல்லாமலே பல ஆண்டுகள் போயின. மாடு வளர்ப்பவர் யாரோ அவர் பெயரிலேயே பங்கு வாங்குங்கள்.

உறுப்பினரான பிறகு துணைவிதிகளின் நகலைக் கேட்டுப் படியுங்கள். அந்தச் சங்கத்துக்கென்று எழுதிப் பதிவு செய்த சட்டப் புத்தகம் அது. ஆண்டுக்கு எத்தனை நாள், எத்தனை லிட்டர் ஊற்றினால் வாக்குரிமை நிலைக்கும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

படி 2: பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

காலையில் அளவையாளர் பாலை அளக்கிறார். சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து, கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். தண்ணீர் கலந்திருந்தால் பால்மானி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் அட்டையில் அளவோடு தரமும் எழுதப்பட வேண்டும், ஏனென்றால் விலை இரண்டையும் பொறுத்தது.

சேர்ந்த பாலில் கொஞ்சம் உள்ளூரில் விற்கப்படும். மீதி மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் ஒன்றியத்துக்குப் போகும். அந்த ஒன்றியத்தின் உறுப்பினர்கள் கிராமச் சங்கங்கள். ஒன்றியங்கள் சேர்ந்தது மாநில இணையம். அந்த இணையம் 1981இல் தொடங்கியது. அதன் வணிகப் பெயர்தான் ஆவின். கடையில் நாம் பார்க்கும் அந்தப் பால் பாக்கெட்டின் அடிவேர் வாசலில் நிற்கும் இந்த வரிசைதான்.

ஒன்றியம் தரும் விலைக்கும் உறுப்பினருக்குக் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம், உள்ளூர் விற்பனை, தீவன விற்பனையில் கிடைக்கும் கமிஷன் ஆகியவை சங்கத்தின் வருமானம். செயலாளர் முதல் பரிசோதகர் வரையிலான சம்பளம், மின்கட்டணம், பரிசோதனைப் பொருள்கள் ஆகியவை செலவு. ஆண்டு முடிவில் மிஞ்சுவது உபரி.

படி 3: பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள்

எல்லா உறுப்பினர்களும் சேர்ந்ததுதான் பேரவை. சங்கத்தின் கடைசிச் சொல் அதற்குத்தான். பேரவை உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழுவிலிருந்து தலைவர் வருகிறார். செயலாளர் சம்பளம் வாங்கும் ஊழியர். ஊரில் பலரும் செயலாளரைத்தான் சங்கத்தின் எஜமானராக நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர் பதில் சொல்ல வேண்டியது குழுவுக்கு. குழு பதில் சொல்ல வேண்டியது உங்களுக்கு.

ஒருவருக்கு ஒரு வாக்கு. ஒரு பங்கு வைத்திருந்தாலும் பத்துப் பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான். கம்பெனியில் பங்கு கூடக்கூட வாக்கும் கூடும். இங்கே பணத்துக்கு வாக்கு இல்லை, ஆளுக்குத்தான் வாக்கு. அதையும் நேரில் வந்துதான் போட வேண்டும். உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப முடியாது.

படி 4: உபரியைப் பங்கிடும் கணக்கு

இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் கூட்டுறவே புரிந்த மாதிரி. எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு சங்கத்தில் ஆண்டு உபரி 1,60,000 ரூபாய். சேமநிதி உள்ளிட்ட கட்டாய நிதிகளுக்கு 51,000 ஒதுக்கினார்கள். மீதி 1,09,000. மொத்தப் பங்குத் தொகை 10,000 ரூபாய். அதற்கு 10 விழுக்காடு ஈவுத்தொகை என்றால் 1,000 போகும். மிச்சம் 1,08,000. அந்த ஆண்டு உறுப்பினர்கள் ஊற்றிய பால் 1,08,000 லிட்டர். எனவே லிட்டருக்கு ஒரு ரூபாய் போனஸ்.

இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் நூறு ரூபாய்ப் பங்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. ஆண்டில் 1,800 லிட்டர் ஊற்றினார். அவருக்கு போனஸ் 1,800, ஈவுத்தொகை 10, ஆக 1,810 ரூபாய். இன்னொருவரிடம் பத்துப் பங்கு இருக்கிறது. ஊற்றியது 450 லிட்டர். அவருக்கு 450 போனஸ், 100 ஈவுத்தொகை, ஆக 550 ரூபாய். பத்து மடங்கு பணம் போட்டவரைவிட நான்கு மடங்கு பால் ஊற்றியவருக்கு அதிகம் கிடைக்கிறது. சங்கத்தை உழைப்பால் பயன்படுத்தியவருக்கே உபரி சேர வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. ஈவுத்தொகைக்கு உச்சவரம்பு வைத்திருப்பதும் இதனால்தான்.

படி 5: கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது

உரிமையாளர் கணக்குப் பார்க்காத வியாபாரம் எதுவும் நிலைக்காது. தணிக்கை அறிக்கையைப் பேரவையில் வாசிக்கச் சொல்லுங்கள். தணிக்கையாளர் எழுதிய குறைகள் சென்ற ஆண்டு அறிக்கையிலும் அப்படியே இருந்தால், யாரும் சரிசெய்யவில்லை என்று பொருள்.

அடுத்து அளவு. ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ எடை இருக்கும். 300 லிட்டர் வாங்கிய சங்கம், கிலோவில் கணக்கிடும் ஒன்றியத்துக்கு அத்தனையையும் அனுப்பினால் சுமார் 309 கிலோ வர வேண்டும். 300 கிலோ என்று பதிவாகியிருந்தால் ஒன்பது கிலோ எங்கே போயிற்று என்று கேளுங்கள். உள்ளூரில் விற்றிருந்தால் விற்பனைப் பதிவேட்டில் அந்தப் பணம் இருக்கும்.

எல்லோருக்கும் எல்லா நாளும் ஒரே கொழுப்பு எழுதப்பட்டிருந்தால் மாதிரியைச் சோதிக்கவே இல்லை. வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும், கன்று ஈன்ற புதிதிலும் வற்றும் தறுவாயிலும் பாலின் தரம் மாறத்தான் செய்யும்.

மாடே இல்லாதவர்கள் வாக்காளர் பட்டியலில் இருப்பதுதான் இதையெல்லாம்விட மோசமான கோளாறு. தேர்தலுக்கு முன் பட்டியலை ஒட்டும்போது போய்ப் படித்து, எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். குழு கவனிக்காவிட்டால் துணைப் பதிவாளர் (பால்வளம்) அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். குழுவின் காலம் முடிந்தும் தேர்தல் நடக்காவிட்டால் அரசு தனி அலுவலரை அமர்த்தும். அதுவரை வேலை நடக்கும். முடிவெடுக்கும் உரிமை உறுப்பினர் கையில் இருக்காது. அதனால் தேர்தல் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

விலகும்போது

முதுமையில் அம்மா மாடுகளை விற்றுவிட்டார். அதற்குள் பங்கு அவர் பெயருக்கு மாறியிருந்தது. நூறு ரூபாய்ப் பங்குக்கு நூறு ரூபாயே திரும்ப வந்தது. சங்கம் வளர்ந்ததால் பங்கின் விலை ஏறியிருக்காது. வெளிச்சந்தையில் விற்கவும் முடியாது. இத்தனை ஆண்டு சேர்ந்த சேமநிதியில் அவர் பங்கைப் பிரித்துத் தரவும் மாட்டார்கள். அது சங்கத்திலேயே இருக்கும், நாளை புதிதாகத் தூக்குவாளியோடு வந்து நிற்பவருக்காக.