தலைப்பில் 60 எழுத்து, ஆனால் தமிழுக்குக் கணக்கு வேறு

இணையத்தில் பாடங்களை விற்கும் யுடெமி தளத்தில் பாடத்தின் தலைப்புக்கு 60 எழுத்துதான் இடம். காரைக்குடி ஆச்சி ஒருவர் பலகாரப் பாடம் போட்டபோது நான்தான் தட்டச்சு செய்தேன், 'செட்டிநாடு பலகாரம்: சீயம், மாவுருண்டை, தேன்குழல் வீட்டிலேயே கற்கலாம்' என்று. இடைவெளி, நிறுத்தக்குறியெல்லாம் சேர்த்து விரல்விட்டு எண்ணினால் 42தான் வருகிறது, ஆனால் பெட்டிக்குள் அடங்கவில்லை. கணினி கொம்பு, கால், மெய்ப்புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது, அதனால் நாம் ஐந்தாகப் படிக்கும் 'செட்டிநாடு' அதற்குப் பத்து, மொத்தம் 68!

சரி, எதை வெட்டுவது? 'வீட்டிலேயே கற்கலாம்' யாரும் தேடுகிற சொல் இல்லை, எடுத்தால் 48. பலகாரப் பெயர்களில் கை வைக்காதீர்கள், தேடுகிறவர் அடிப்பது அதைத்தான். ஆச்சிக்குப் பிடித்த 'கைமணம்' 120 எழுத்து இடமுள்ள துணைத்தலைப்புக்குப் போனது, கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

அப்புறம் விவரணை. குறைந்தது 200 சொல் வேண்டும் என்பதற்காகச் செட்டிநாட்டு வரலாற்றில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வரியிலேயே, 'பாசிப்பருப்பை எந்த நிறம் வரை வறுப்பது, நெய் எந்தச் சூட்டில் ஊற்றினால் மாவுருண்டை உதிராது, சீயம் எண்ணெயில் ஏன் வெடிக்கிறது' என்று எழுதினோம். வீடியோவில் இல்லாத பலகாரம் ஒன்றுகூட அதில் வரக்கூடாது, பணத்தைத் திருப்பிக் கேட்க 30 நாள் அவகாசம் இருக்கிறது.