கன்றுக்குட்டிக்கு டவுசர் போட்ட கதை

சனிக்கிழமை மாலைகளில் ஒரு நூலகத்து மாடியில் பெரியவர்களுக்குச் சிறுவர் கதைப் பயிற்சி நடத்துகிறேன். பயிற்சி எளிமையானது. புத்தகத்தின் முதல் பக்கத்தை அவரவர் போனில் படம் எடுத்துக்கொண்டு போய், அதே குரலில் கதையைத் தொடர்ந்து எழுதி அடுத்த வாரம் கொண்டு வர வேண்டும். இன்னொருவர் புத்தகத்தில் கை வைக்க வேண்டாம் என்று, முதல் பத்தியை நானே எழுதி, தெரிந்த பெண்ணிடம் ஒரு படம் வரைந்து வாங்கி, சின்னப் புத்தகமாகத் தைத்து வைத்திருக்கிறேன். போன வாரம் ஒன்பது பேர் எழுதி வந்தார்கள். அதில் ஆறு பேர், பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே கூத்தைச் செய்திருந்தார்கள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழையை எல்லாம் விடுங்கள், அதை யாரும் திருத்திவிடலாம். நான் சொல்ல வருவது வேறு.

முதலில் அந்தப் பத்தி:

"ஓர் ஊரில் ஒரு நத்தை இருந்ததாம். அதற்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதாம். ஒரு நாள் மழை விட்டதும் அது முருங்கை மரத்தடியிலிருந்து கிணற்றுமேட்டுக்குக் கிளம்பியதாம். கிணற்றுமேட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. அதுவும் கேட்கவில்லை."

பாதிப் பக்கத்தைப் படம் எடுப்பது

எழுத்து மட்டும் போதும் என்று நினைத்து ஓவியத்தை வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தின் மூலையில் கிணற்றுமேட்டில் ஒரு நீல வாளி கவிழ்ந்து கிடக்கிறது. நத்தைக்குத் தெரியாதது கேட்கிற குழந்தைக்குத் தெரியும், கதையின் பாதிச் சுவை அதில்தான். வெட்டியவர் ஒருவர் கிணற்றுமேட்டில் கோயிலே கட்டிவிட்டார். இன்னொருவர் புத்தகத்தைச் சரியாக விரிக்காமல் எடுத்ததில், நடு மடிப்பில் "கிளம்பியதாம்" என்பதன் கடைசி "ம்" மறைந்து "கிளம்பியதா" ஆகிவிட்டது. அவர் அதைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, "ஆமாம், கிளம்பியது!" என்று தன் கதையைத் தொடங்கியிருந்தார். சிரித்தோம். ஆனால் அந்த "ம்" சின்ன விஷயம் இல்லை, ஏன் என்று கீழே வருகிறது.

இனிப்புப் பூசுவது

இதுதான் அந்தக் கூத்து. இன்றும் யாராவது எழுதி வந்தால் எனக்குக் கழுத்துவரை சூடேறும். வந்தவற்றில் ஒன்று இப்படி இருந்தது:

"அந்தக் குட்டி நத்தைச் செல்லம் ஆடி அசைந்து அழகாக நகர்ந்தான். அவனுக்கு ஒரே குஷி! குட்டீஸ், நத்தை எவ்வளவு மெதுவாகப் போகும் தெரியுமா?"

எழுதியவர் நல்ல வாசகர், வீட்டில் பேரன் இருக்கிறான். மென்மையான குரல் என்றதும் கை தானாக "குட்டி", "செல்லம்", "அழகாக" என்று தேடிப் போய்விடுகிறது. முதல் பத்தியைத் திரும்பப் பாருங்கள், அதில் ஒரு கொஞ்சல் வார்த்தைகூட இல்லை. அந்தக் குரல் வேறு இடத்திலிருந்து வருகிறது. நத்தை "அது"தான், கடைசிவரை. "இருந்ததாம், தெரியாதாம், கிளம்பியதாம்" என்று சொல்கிறவர் பாட்டி மாதிரி, நானும் கேட்டதைத்தான் சொல்கிறேன் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சொல்கிறார். கடைசி இரண்டு வாக்கியத்தில் மட்டும் அந்த "ஆம்" விழுந்துவிடுகிறது, அந்த இடத்தில் அவர் நம் பக்கம் லேசாகச் சாய்கிறார். நத்தைக்குச் சந்தோஷமா, பயமா என்று அவர் சொல்வதே இல்லை. குழந்தைகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதும் இல்லை. மேலே உள்ள மூன்றே வரியில் இவை அத்தனையும் உடைந்துவிட்டன.

நான் உடைத்தது இதைவிட மோசம். ஒரு சிறிய பதிப்பகத்தில், எழுதிக்கொண்டிருந்தவருக்கு உடம்பு முடியாமல் போய், அவர் எழுதி வைத்த முதல் பத்தியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, அவர் சம்மதத்தோடு மீதியை எழுதித் தரச் சொன்னார்கள். கன்றுக்குட்டிக் கதை. மூலத்தில் கன்றுக்குட்டி "அது". நான் பாசம் பொங்கி, இரண்டாம் பத்தியிலிருந்து "அவன்" ஆக்கிவிட்டேன், "செல்லப் பயல்" என்று வேறு எழுதினேன். அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை, பிரதி நேராக ஓவியரிடம் போனது. அவர் வார்த்தையைப் படித்துத்தான் வரைவார், அதில் என்ன தப்பு? முதல் பக்கத்தில் சும்மா நின்ற கன்றுக்குட்டி, அடுத்த ஆறு பக்கத்திலும் சிவப்பு டவுசர் போட்டுக்கொண்டு நின்றது. ஆறு படமும் வீண். அவருக்கு மறுபடி வரைந்த கூலி என் பணத்திலிருந்து போனது, போனால் போகட்டும். அதன்பிறகு அவர் என்னோடு வேலை செய்யவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, எப்படித் தொடர்வது? நான் செய்வது, எழுதும் முன் பத்தியை மூன்று தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, வாக்கியங்களின் முடிவுகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்வது. ஆம், ஆம், ஆம், இல்லை, இல்லை. அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் இப்படி வரும்:

"வழியில் ஒரு புளியங்கொட்டை கிடந்ததாம். நத்தை அதைச் சுற்றிக்கொண்டு போனதாம். சுற்றி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டதாம். புளியங்கொட்டை ஒன்றும் சொல்லவில்லை."

கடைசி வரியில் "ஆம்" இல்லை, கவனித்தீர்களா? ஆனால் எல்லாப் பத்தியையும் இப்படியே முடித்தால் வித்தை காட்டுவது போல ஆகிவிடும். மூன்று பத்திக்கு ஒரு முறை போதும்.

இரண்டாம் பத்தியிலேயே வில்லன்

காக்கை, பாம்பு, வெள்ளம். ஒன்பதில் நான்கு கதையில் காக்கை வந்து நத்தையைத் தூக்கியது. இடைஞ்சல் வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த ஊரின் அளவுக்கு இருக்கட்டும். மேலே மத்தியானம் ஆகிவிட்டது அல்லவா, நத்தைக்கு வெயில் ஆகாது. தரை காய்ந்தால் ஓட்டுக்குள் போய், ஓட்டின் வாயில் மெல்லிய ஏடு போல ஒன்றைப் படரவிட்டு அடைத்துக்கொள்ளும். அதுவே போதும்: "வெயில் வந்ததாம். நத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாம்." அடுத்த மழை வரை கதை நிற்கும். அந்தக் காத்திருப்பில் ஓவியருக்கும் ஒரு பக்கம் கிடைக்கும்.

நீதி

வேண்டாம்.

பயிற்சியை அச்சுக்குக் கொடுப்பது

வேறொருவர் புத்தகத்தின் தொடக்கத்தை வைத்து எழுதியது வீட்டோடு இருக்கட்டும். நம் நாட்டில் எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. வெளியிடத்தான் வேண்டும் என்றால் அனுமதி வாங்குங்கள், இல்லை அவருடைய பத்தியை எடுத்துவிட்டு உங்கள் சொந்தத் தொடக்கத்தை எழுதுங்கள்.

கிணற்றுமேட்டில் புதையல்

வைரம், தாமரைக்குளம், காணாமல் போன அம்மா நத்தை, எல்லாம் வந்தது. அவ்வளவு மெதுவாக நடந்து வந்தவருக்குப் பெரிய பரிசு தர வேண்டும் என்று கை துடிக்கிறது. அதுவும் ஒரு வகை இனிப்புதான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வாழ்க்கையில் முதல் தடவை கதை எழுதுகிறவர், ஓவியத்தை வெட்டாமல் முழுப் பக்கத்தையும் எடுத்திருந்தார். அவர் முடித்தது இது:

"கிணற்றுமேட்டில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்ததாம். நத்தை அதன்மேல் ஏறிப் பார்த்ததாம். முருங்கை மரம் தெரிந்தது."

கிணத்துமேடு என்று எழுதியிருந்தார். அதை மட்டும் கிணற்றுமேடு ஆக்கினேன், முதல் பத்தியில் அப்படித்தான் இருக்கிறது.