முதல் சந்திப்பு முடிந்த அன்றே நன்றி மெயில்: மார்த்தாண்டம் தேன் வியாபாரத்தில் நான் எழுதும் முறை

போன மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. மதுரையில் நாலு இயற்கை அங்காடி நடத்துகிற ஒருவர் நாகர்கோவில் வந்திருந்தார். வடசேரியில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து மூன்றரை மணியில் இருந்து நாலே கால் வரை பேசினோம். எங்கள் வீட்டில் அப்பா காலத்தில் இருந்தே தேன் பெட்டிகள் உண்டு. பெட்டியைப் பார்த்துக்கொள்வது அப்பாவும் தம்பியும், விற்பனை என் பொறுப்பு. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னால் அவருக்கு ஒரு மெயில் போனது. அதை எப்படி எழுதினேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். முதல்முறை எழுதுகிறவர்கள் அப்படியே பின்பற்றலாம்.

படி 1: பஸ் ஏறியதும் மூன்று வரி

நோட்டை எடுத்து, எதிராளி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். நீங்கள் சொன்னது வேண்டாம், அது எப்படியும் மறக்காது. நான் வடசேரியில் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறி, பார்வதிபுரம் தாண்டுவதற்குள் எழுதிய மூன்று வரி இது:

"ரெண்டாம் மாசம் நுரை கட்டுது, மூடி வழியுது." "லேபிள் கொஞ்சம் நல்லா இருக்கலாம்." "மாசம் எவ்வளவு தர முடியும், பாக்கலாம்."

இதற்கு எனக்குப் பேப்பர் நோட்டுதான் பிடிக்கும். போனில் எழுத ஆரம்பித்தால் வாட்ஸ்அப் வந்து இழுத்துவிடுகிறது. வீடு போய்ச் சேர்ந்து எழுதிக்கொள்ளலாம் என்றால் அவருடைய வார்த்தை போய், நம்முடைய வார்த்தை வந்து உட்கார்ந்துவிடும்.

படி 2: ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் வேறொரு ஊர்க் கடைக்காரரைச் சந்தித்துவிட்டு வந்து, அன்றே மெயில் அனுப்பினேன். பேசிய ஏழு விஷயத்தையும் வரிசையாக எழுதியிருந்தேன். அதில் ஒன்று: "நீங்கள் ஒத்துக்கொண்டபடி மாதம் 50 கிலோ." பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போன் செய்தபோது அவர் எடுக்கவில்லை, கடைப் பையன்தான் எடுத்தான். "முதலாளி அப்படியொண்ணும் சொல்லலையாமே" என்றான். எங்கள் பக்கத்தில் தேன் டிப்போ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் அந்த மெயிலைக் காட்டினேன். படித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: "மக்கா, அவரு பாக்கலாம்னுதான சொன்னாரு? சரின்னு சொல்லலியே?"

அவர் சொன்னதுதான் சரி. நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் முடியாது என்று சொல்வதில்லை. "பாக்கலாம்" என்றால் யோசிக்க வேண்டும் என்றும் இருக்கலாம், வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொன்னதாகவும் இருக்கலாம். வாய்ப்பேச்சில் அது அப்படியே காற்றில் நிற்கும். அதை நான் எழுத்தில் "ஒத்துக்கொண்டபடி" என்று போட்டதும், அவரிடம் கையெழுத்து கேட்டது மாதிரி ஆகிவிட்டது. மறுத்து எழுதினால் மனத்தாங்கல், ஒத்து எழுதினால் கடமை. அதனால் அவர் எதுவுமே எழுதாமல் விட்டுவிட்டார்.

அன்றில் இருந்து நான் இரண்டு விதத்தில் வடிகட்டுகிறேன். விலை, அளவு, கடன் நாள் இந்த மூன்றும் அவர் தெளிவாகச் சரி என்று சொல்லியிருந்தால் ஒழிய முதல் மெயிலில் வராது. அடுத்ததாக, மிச்சம் இருப்பதில் அவரே சொன்ன ஒரு சிரமத்தை எடுப்பேன். பாராட்டையோ நம் பெருமையையோ எடுக்க மாட்டேன். அவருக்குப் பணமோ பேரோ நஷ்டமாகிற ஒரு காரியம்தான் வேண்டும். அந்தச் சிரமத்துக்கு நம் கையில் செய்ய ஏதாவது இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்வேன்.

மதுரைக்காரரின் மூன்று வரியை இதில் போட்டுப் பாருங்கள். "பாக்கலாம்" முதலிலேயே போய்விட்டது. லேபிள் பற்றிச் சொன்னது போகிற போக்கில் சொன்னது, அதனால் அவருக்கு நஷ்டம் இல்லை. நுரை விஷயம் அப்படி இல்லை. வேறு இடத்தில் வாங்கிய பாட்டில்களைக் கடையில் இருந்து திரும்ப எடுக்க வேண்டி வந்ததைச் சொல்லும்போது அவர் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் பேசினார். தேனில் தண்ணீர் கூடினால் அது புளிக்கும், வாயு உண்டாகும், மூடி வழியாக நுரை தள்ளும். உணவுப் பாதுகாப்பு விதி ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ரப்பர் தளிர்விடும் சமயத்தில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் நம் பெட்டித் தேனீ எடுக்கிறது. அடை முழுக்க மெழுகு மூடுவதற்கு முன்னால் அவசரப்பட்டு எடுத்தால் அந்த 20 எளிதில் தாண்டிவிடும். நாங்கள் பொறுத்து எடுப்போம், ஈரப்பதம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்போம். ஆக அவருடைய சிரமமும் நம் கைவேலையும் ஒரே புள்ளியில் வந்து நின்றன. இத்தனை விளக்கமும் மெயிலில் போகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

படி 3: எழுதுவது

தக்கலையில் பஸ் நின்றபோது எழுதத் தொடங்கி, வீட்டில் முடித்தது இது:

> பொருள்: இன்று நாகர்கோவில் சந்திப்பு, தேன் மாதிரி திங்கட்கிழமை
>
> வணக்கம் சார்,
>
> இன்று எனக்காக முக்கால் மணி நேரம் ஒதுக்கியதற்கு மிக்க நன்றி. கடையில் வைத்த இரண்டாம் மாதம் தேனில் நுரை கட்டி மூடி வழிகிறது என்று சொன்னீர்கள். முதலில் தீர வேண்டியது அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.
>
> இந்த வாரம் எடுத்த ரப்பர் தேனில் 250 கிராம் பாட்டில் இரண்டு, ஈரப்பத அளவை எழுதி ஒட்டி, திங்கட்கிழமை கூரியரில் அனுப்புகிறேன். விசிட்டிங் கார்டில் உள்ள முகவரிக்கே அனுப்பலாமா?
>
> அன்புடன்,
> (பெயர், ஊர், போன் எண்)

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு" என்று தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அது ஆபீசுக்குக் கொடுக்கும் மனு மாதிரி இருக்கும். நேரில் சார் என்று கூப்பிட்டவரை மெயிலிலும் சார் என்றே கூப்பிடுங்கள். மேடம் என்று பேசியிருந்தால் மேடம். நன்றி ஒரு வாக்கியம் போதும், ஆனால் எதற்கு நன்றி என்று அதில் இருக்க வேண்டும். "பொருள்" வரியில் வெறும் "நன்றி" என்று போட்டால், ஒரு மாதம் கழித்து அவர் "தேன்" என்று தேடும்போது நம் மெயில் எளிதில் கண்ணில் படாது.

கடைசி இரண்டு வாக்கியத்தைக் கவனியுங்கள். அடுத்த வேலை என்னுடையது, அதற்கு ஒரு கிழமை இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது "ஆமா" என்று ஒரு வார்த்தை அடிப்பது மட்டும். "உங்களுக்கு வசதியான நேரத்தில் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசுவோம்" என்று எழுதினால் நாள் பார்க்கும் வேலையையும் தொடங்கும் வேலையையும் அவர் தலையில் வைத்ததாகிவிடும். ஆர்டர் எப்போது என்று கேட்பதும் முதல் நாளில் பெரிய கேள்வி. ஒருமுறை பேசியதற்குப் பிறகு ஒருவர் யோசிக்காமல் ஒத்துக்கொள்ளக்கூடிய அளவுக்குத்தான் அந்த அடுத்த படி இருக்க வேண்டும்.

சொன்ன கிழமையில் செய்ய முடியுமா என்று அனுப்பும் முன்பே வீட்டில் கேட்டுவிடுங்கள். நான் தம்பியிடம் போனில் கேட்டு, பாட்டில் கையிருப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் "திங்கட்கிழமை" என்று எழுதினேன்.

படி 4: அனுப்புவது

"To" கட்டத்தைக் கடைசிவரை காலியாக விடுங்கள். பஸ் குலுங்கி விரல் பட்டால் பாதி மெயில் போய்விடும். கம்ப்யூட்டரில் ஜிமெயில் பயன்படுத்துகிறவர்கள் Settings உள்ளே See all settings, General, Undo Send என்று போய் 30 விநாடி என்று மாற்றி, கீழே Save Changes அழுத்துங்கள். மாற்றாவிட்டால் 5 விநாடிதான், தப்பு கண்ணில் படுவதற்குள் தீர்ந்துவிடும்.

முதல் மெயிலில் போட்டோ, விலைப்பட்டியல் எதுவும் வேண்டாம். அவர் கேட்டிருந்தால் மட்டும் சேருங்கள்.

அனுப்பிவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து இன்பாக்ஸைப் பாருங்கள். Mail Delivery Subsystem என்று ஏதாவது வந்திருந்தால் பெரும்பாலும் முகவரி தப்பாக இருக்கும். கார்டில் இங்கிலீஷ் l எழுத்தும் 1 என்ற எண்ணும் ஒரே மாதிரி அச்சாகியிருக்கும், நானே அப்படி ஒருமுறை மாற்றி அடித்திருக்கிறேன்.

மறுநாள் காலை பதில் வந்தது: முகவரி சரி, இரண்டுக்குப் பதில் நாலு பாட்டில் அனுப்புங்கள், நாலு கடையிலும் வைத்துப் பார்க்கிறேன் என்று. திங்கட்கிழமை நாலு பாட்டில் போனது, ஒவ்வொன்றிலும் 19 என்ற அளவும் எடுத்த தேதியும் ஒட்டி.

பிறகு சேர்த்தது

குலசேகரத்தில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார், அவருக்குச் சந்திப்பு முடியவே ராத்திரி பத்தாகிவிட்டதாம். பத்தரைக்கு அனுப்பினாலும் தப்பில்லை, மெயில் யாரையும் தூக்கத்தில் எழுப்பாது. நள்ளிரவைத் தாண்டிவிட்டால் Schedule send போட்டுக் காலை ஏழரைக்குப் போகிற மாதிரி வையுங்கள். அப்போது "இன்று" என்று எழுதியதை "நேற்று" என்று மாற்ற மறக்காதீர்கள். பொருள் வரியிலும் அது இருக்கும், அங்கேதான் விட்டுப்போகிறது.

இன்னொருவர் மெயிலை டிடிபி சென்டரில் அடித்து வாங்கி ஒட்டியிருக்கிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் குறிகளுமாகத் தெரிந்ததாம். அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத போனில் தமிழாகத் தெரியாது. யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், அல்லது போனில் ஜிபோர்டு தமிழ் விசைப்பலகையில் நீங்களே அடியுங்கள். ஐந்தாறு வரிதானே. சந்தேகமாக இருந்தால் வீட்டில் இன்னொருவர் மெயிலுக்கு முதலில் அனுப்பித் திறந்து பாருங்கள்.

பேச வந்தவர்கள் இரண்டு பேர் என்றால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். இருவரையும் ஒரே மெயிலில் சேர்த்து, சிரமத்தைச் சொன்னவர் யாரோ அவரைப் பெயர் சொல்லி எழுதுங்கள். முகவரி கேட்கும் கேள்வியை ஒருவரிடம் மட்டும் கேளுங்கள். இருவரையும் பார்த்துக் கேட்டால், மற்றவர் சொல்வார் என்று இருவருமே இருந்துவிடுகிறார்கள்.