பல தவணையில் வாங்கிய பங்கை விற்றால் லாபம் எவ்வளவு?

ஒரே பங்கை மூன்று தடவையாக வாங்கி, அதில் பாதியை விற்றதும் பலருக்கு ஒரு குழப்பம் வரும். புரோக்கர் ஆப்பில் இருந்த சராசரி விலை திடீரென்று ஏறி நிற்கும். எனக்கும் அங்கேதான் இடித்தது. ஒரு கணக்கோடு பார்த்துவிடுவோம்.

2024 ஜனவரி 10: 50 பங்கு, 200 ரூபாய்.
2024 ஆகஸ்ட் 5: 30 பங்கு, 260 ரூபாய்.
2025 பிப்ரவரி 3: 40 பங்கு, 230 ரூபாய்.

மொத்தம் 120 பங்கு, 27,000 ரூபாய், சராசரி 225. 2025 மார்ச் 17-இல் 70 பங்கை 270 ரூபாய்க்கு விற்கிறோம். சராசரியை வைத்துப் பார்த்தால் பங்குக்கு 45 வீதம் 3,150 ரூபாய் லாபம். ஆனால் டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்குதான் முதலில் போனதாக வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஜனவரியில் வாங்கிய 50 முழுதும் போகும். மீதி 20 ஆகஸ்ட் பங்கிலிருந்து போகும். லாபம் 3,500 + 200 = 3,700 ரூபாய்.

கையில் இருப்பது 260 ரூபாய்ப் பங்கு 10, 230 ரூபாய்ப் பங்கு 40. 11,800-ஐ 50-ஆல் வகுத்தால் 236. மலிவாக வாங்கியது வெளியே போய்விட்டதால் சராசரி ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்குத் தனி ஆப் எதுவும் வேண்டாம். கூகுள் ஷீட்ஸே எனக்குப் பிடித்தது. எந்தப் பங்கு எப்போது போனது என்று கண்ணால் பார்க்கலாம். முதல் வரிசை தலைப்பு. அதன் கீழே A-யில் தேதி, B-யில் எண்ணிக்கை, C-யில் விலை, பழையது மேலே. H1-இல் விற்ற எண்ணிக்கை, H2-இல் விற்ற விலை. D2, E2-இல் இவற்றைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=MAX(0,MIN(B2,$H$1-SUM(B$1:B1)))
=D2*($H$2-C2)
```

D-யில் 50, 20, 0 என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் `B$1`-இல் உள்ள டாலர் குறி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், கீழே இழுக்கும்போது கூட்டல் தொடங்கும் இடமும் நகர்ந்துவிடும். மூன்றாவது வரியில் 0-க்குப் பதில் 40 வந்து நிற்கும்.

E-யை வரிவரியாகவே வைத்திருங்கள், கூட்டிவிடாதீர்கள். பட்டியலிட்ட பங்குக்கு 12 மாதம் தாண்டினால்தான் நீண்டகால லாபம். இங்கே 3,500 நீண்டகாலம், 200 குறுகியகாலம். இரண்டுக்கும் வரி வேறு. புரோக்கரேஜை வாங்கிய விலையோடு சேர்க்கலாம். பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி-யைச் சேர்க்க முடியாது.

அடுத்த விற்பனைக்கு, மிஞ்சிய 10, 40 இரண்டையும் புதிய தாளில் எழுதித் தொடங்குங்கள்.

பின்சேர்ப்பு: இரண்டு டீமேட் கணக்கு வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தீர்கள். இந்த வரிசை கணக்குக்குக் கணக்கு தனி. விற்றது எந்த டீமேட்டிலிருந்தோ, அதில் உள்ள பழைய பங்கை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தாள் போடுவது நல்லது.