கோயில் அறக்கட்டளை இணையதளம்: அபிஷேக முன்பதிவும் தானாகச் செல்லும் ரசீதும்

எங்கள் ஊர் முருகன் கோயில் ஒரு குடும்ப அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அர்ச்சனை, அபிஷேக உபயம், திருப்பணி நன்கொடை ஆகிய மூன்றையும் இணையத்தின் வழியே பெறுவதற்கான தளத்தை நான் பிஎச்பி, மைசீக்வல் ஆகியவற்றைக் கொண்டு அமைத்தேன். பணம் பெறுவதற்கு ரேசர்பேயைப் பயன்படுத்துகிறேன். டொமைன் வாங்குவது, ஹோஸ்டிங்கில் கோப்புகளை ஏற்றுவது, அறக்கட்டளையின் பெயரில் கேட்வே கணக்குத் திறப்பது ஆகியவற்றுக்குப் போதிய விளக்கங்கள் ஏற்கெனவே இருப்பதால், அவற்றைக் கடந்து கோயிலுக்கே உரிய சிக்கல்களிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: சேவைகளைப் பிரித்தல்

அர்ச்சனையும் அபிஷேகமும் ஒரே வகைச் சேவை அல்ல. ஒரே காலை வேளையில் நாற்பது பேருக்கு அர்ச்சனை செய்யலாம். குருக்கள் நாற்பது பெயர்களையும் நட்சத்திரங்களையும் சொல்லிவிடுவார். எனவே அர்ச்சனைக்குத் தேதி மட்டும் போதும், நேரம் வேண்டாம். அபிஷேகத்துக்கோ, எங்கள் கோயிலில், ஒரு நேரத்துக்கு ஓர் உபயதாரர்தான். காலை 6.30, 7.30, 8.30 என்று மூன்று நேரங்கள் வைத்திருக்கிறோம். திருப்பணி நன்கொடைக்குத் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. இம்மூன்றையும் ஒரே படிவத்தில் அடைக்க முயன்றால் நன்கொடை தர வருபவரிடம் நட்சத்திரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். மூன்று தனிப் படிவங்களே நல்லது.

அர்ச்சனைப் படிவத்தில் நட்சத்திரத்தைத் தட்டச்சு செய்ய விடாமல், இருபத்தேழு பெயர்களும் “தெரியாது” என்ற தேர்வும் கொண்ட பட்டியலாகவே கொடுங்கள். ராசியையும் கேட்பதாயின், தேர்ந்தெடுத்த நட்சத்திரத்துக்குப் பொருந்தும் ராசிகளை மட்டும் காட்டினால் போதும். அசுவினி என்றால் மேஷம் மட்டுமே. கார்த்திகை என்றால் முதல் பாதம் மேஷத்திலும் மற்ற மூன்று பாதங்கள் ரிஷபத்திலும் வருவதால் இரண்டையும் காட்ட வேண்டும்.

கிருத்திகை, சஷ்டி போன்ற நாள்களைக் கணக்கிட்டுத் தரும் நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில மாதங்களில் ஒரு நாள் வேறுபடும். எது கோயிலில் அனுசரிக்கப்படுகிறது என்பது குருக்களுக்குத்தான் தெரியும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவர் தம் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லும் தேதிகளை நானே உள்ளிடுகிறேன், அதற்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை.

இரண்டாம் படி: நேரத்தைப் பிடித்து வைத்தல்

நான் இடறி விழுந்தது இந்தப் படியில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் நான் எழுதிய நிரலில், பணம் வந்த பிறகுதான் அந்த நேரம் “பதிவானது” என்று மாறும். ஒரு கிருத்திகையன்று காலை 7.30 மணி அபிஷேகத்துக்கு இரண்டு குடும்பங்கள் பால் குடத்துடன் வந்து நின்றன. இருவர் கையிலும் என் தளம் அனுப்பிய ரசீது இருந்தது. இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள், இருவருக்கும் அந்த நேரம் காலியாகவே தெரிந்திருக்கிறது. குருக்கள் ஒரே அபிஷேகத்தில் இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனியே சங்கல்பம் செய்து வைத்து அன்றைய பொழுதைக் காப்பாற்றினார்.

ஆகவே, பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்கு முன்பே அந்த நேரத்தைப் பக்தரின் பெயரில் பதினைந்து நிமிடம் பிடித்து வைக்க வேண்டும். “காலியா என்று பார்”, “காலியென்றால் எழுது” என்று இரண்டு கட்டளைகளாக எழுதினால், அவ்விரண்டுக்கும் இடையில் இன்னொருவர் நுழைந்துவிடுவார். பார்ப்பதும் எழுதுவதும் ஒரே கட்டளையாக இருக்க வேண்டும்:

```sql
UPDATE slots
SET status = 'held', booking_id = 412,
    held_until = NOW() + INTERVAL 15 MINUTE
WHERE id = 87
  AND (status = 'free'
       OR (status = 'held' AND held_until < NOW()));
```

இதை இயக்கியபின் எத்தனை வரிசைகள் மாறின என்று பாருங்கள். ஒன்று என்றால் நேரம் உங்கள் பக்தருக்குக் கிடைத்தது; சுழியம் என்றால் வேறொருவர் முந்திவிட்டார், “வேறு நேரத்தைத் தேர்ந்தெடுக்கவும்” என்று சொல்லிவிடலாம். கெடு முடிந்த பிடிப்புகளை விடுவிப்பதற்குத் தனியாக ஒரு நிரலை ஓட்ட வேண்டியதில்லை. கட்டளையின் கடைசி வரியே அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் நேரங்களைப் பக்கத்தில் காட்டும்போதும் இதே நிபந்தனையை வைக்க மறக்காதீர்கள், இல்லையெனில் கெடு முடிந்த நேரங்கள் யாருக்கும் தெரியாமலே கிடக்கும்.

மூன்றாம் படி: பணம் வந்ததை உறுதிசெய்தல்

பணம் கட்டி முடித்ததும் பக்தரின் உலாவி நம் தளத்துக்குத் திரும்பி வரும். அந்தத் திரும்புதலை நம்பி ரசீது கொடுக்கக் கூடாது. யுபிஐ செயலியில் பணத்தைக் கட்டிவிட்டு அப்படியே கைபேசியைப் பையில் போட்டுக்கொள்பவர்கள் ஏராளம். அவர்களுடைய உலாவி நம்மிடம் திரும்பி வரவே வராது. கேட்வேயின் சர்வர் நம் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹூக் செய்தியைத்தான் ஆதாரமாகக் கொள்ள வேண்டும். ரேசர்பேயின் அமைப்புப் பக்கத்தில் `payment.captured` என்ற நிகழ்வைத் தேர்ந்தெடுத்து, நம் கோப்பின் முகவரியையும் ஒரு ரகசியச் சொல்லையும் கொடுத்துவிடுங்கள். வருகிற செய்தி உண்மையானதா என்பதை இப்படிச் சரிபார்க்கலாம்:

```php
$body = file_get_contents('php://input');
$sign = hash_hmac('sha256', $body, $webhookSecret);
$got  = $_SERVER['HTTP_X_RAZORPAY_SIGNATURE'] ?? '';
if (!hash_equals($sign, $got)) {
    http_response_code(400);
    exit;
}
```

இங்கே இரண்டு இடங்களில் தவறு நேரும். `$webhookSecret` என்பது நீங்கள் வெப்ஹூக்குக்காகக் கொடுத்த ரகசியச் சொல். கணக்கின் ஏபிஐ சாவியோடு வரும் ரகசியம் அன்று. அடுத்து, வந்த செய்தியை ஒருமுறை பிரித்து மீண்டும் ஜேசனாக்கிக் கையொப்பத்தைக் கணக்கிட்டால், ஓர் எழுத்து மாறினாலும் பொருந்தாது. வந்த வடிவிலேயே கணக்கிட வேண்டும். தொகை பைசாவில் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: 1,500 ரூபாய் அபிஷேகத்துக்கு `150000` என்று வரும்.

இனி, தாமதமாக வரும் பணத்தைப் பார்ப்போம். ஒருவர் 9.10க்கு நேரத்தைப் பிடிக்கிறார் என்று கொள்ளுங்கள். வங்கியில் தாமதமாகி 9.31க்குத்தான் பணம் உறுதியாகிறது. அவருடைய கெடு 9.25க்கே முடிந்துவிட்டதால், 9.27க்கு இன்னொருவர் அதே நேரத்தைப் பிடித்துவிட்டார். வெப்ஹூக் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு “பதிவானது” என்று எழுதினால் பழைய கதைதான். ஆகவே அந்த நேரத்தில் இன்னும் அவருடைய பதிவு எண்ணே இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்:

```sql
UPDATE slots SET status = 'booked'
WHERE id = 87 AND booking_id = 412;
```

கெடு முடிந்திருந்தும் வேறு யாரும் பிடிக்கவில்லை என்றால் இது அவருக்கே அந்த நேரத்தை உறுதிசெய்துவிடும். வரிசை எதுவும் மாறாமல், அந்த நேரத்தில் அவருடைய பதிவு எண்ணும் இல்லை என்றால், “பணம் வந்தது, நேரம் இல்லை” என்ற தனிப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். கோயில் அலுவலகத்தில் இருப்பவர் அவரைத் தொலைபேசியில் அழைத்து, 8.30க்கு மாற்றிக்கொள்கிறீர்களா அல்லது பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இதைத் தானியங்கியாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. பிறந்த நாளுக்காகப் பதிவு செய்தவருக்குப் பணம் தானாகத் திரும்பிப் போனால் மனம் சங்கடப்படும்.

நான்காம் படி: ரசீது

ஒரே பணத்துக்கு வெப்ஹூக் இரண்டு மூன்று முறைகூட வரலாம். ரசீது அட்டவணையில் `payment_id` என்ற பத்தியை `UNIQUE` ஆக்கிவிட்டால் இரண்டாவது ரசீது உருவாகாது. ரசீது எண்ணுக்கு `AUTO_INCREMENT` ஐ நம்பாதீர்கள். பாதியில் தோல்வியடைந்த பதிவுகள் எண்ணைத் தின்றுவிடும், 118க்குப் பிறகு 120 ஏன் என்று தணிக்கையாளர் கேட்பார். நிதியாண்டுக்கு ஒரு வரிசை கொண்ட எண்ணி அட்டவணை ஒன்றை வைத்து, அதை `FOR UPDATE` என்று பூட்டி எண்ணை எடுத்து, ரசீதையும் அதே பரிவர்த்தனைக்குள் எழுதி முடியுங்கள். கோயில் கவுண்டரில் இன்னும் ரசீதுப் புத்தகம் இருக்குமாதலால் இணைய ரசீதுகளுக்கு முன்னெழுத்து ஒன்றைச் சேர்ப்பது அவசியம்.

பிடிஎஃப் ரசீதில் தமிழ் எழுத்துகள் உடைவது அடுத்த தொல்லை. என் முதல் ரசீதில் “பெயர்” என்பது “பயெர்” என்று வந்திருந்தது. ஒருங்குறியில் பகரத்துக்குப் பின் சேமிக்கப்படும் ஒற்றைக்கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்துருவைக் கையாளும் நிரலின் வேலை. பல பிடிஎஃப் நூலகங்கள் அதைச் செய்வதில்லை. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு நாள் வீணாக்கினேன். `mPDF` நூலகத்தில், தமிழ் எழுத்துருவுக்கான அமைப்பில் `'useOTL' => 0xFF` என்று ஒரு வரியைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

ரசீதின் வாசகத்தில் கவனம் தேவை. அர்ச்சனைக்கும் அபிஷேகத்துக்கும் பெறுவது சேவைக் கட்டணம். அதில் வரிவிலக்கு வாசகத்தை அச்சிடக் கூடாது. நன்கொடை ரசீதிலும்கூட, அறக்கட்டளைக்கு 80ஜி அனுமதி உண்மையிலேயே இருந்தால்தான் அதைச் சேர்க்கலாம். சமயப் பணி மட்டுமே செய்யும் கோயில் அறக்கட்டளைகள் பலவற்றுக்கு அது இருப்பதில்லை. அனுமதி உள்ளவர்கள் நன்கொடையாளரின் பான் எண்ணைப் படிவத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஆண்டு முடிவில் நன்கொடை விவரங்களை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்யும்போது அது தேவைப்படும். இந்த வாசகத்தை நிரலுக்குள் எழுதாமல் அமைப்புப் பக்கத்தில் வைத்திருங்கள். 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, நமக்குப் பழகிய பிரிவு எண்களை மாற்றிவிட்டது.

பிற்சேர்க்கை

சிங்கப்பூரில் உள்ள தம் ஊர்க்காரர்கள் அட்டை மூலம் திருப்பணிக்குப் பணம் அனுப்பலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவதோ, அவர் நம் ஊரிலேயே பிறந்தவராயினும், வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வேண்டும்; பணமும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அதற்கெனத் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. ஆகவே கேட்வேயில் வெளிநாட்டு அட்டைகளை நிறுத்தி வைத்திருப்பதோடு, “நான் இந்தியக் குடிமகன்/குடிமகள்” என்ற கட்டத்தைத் தேர்வு செய்தால்தான் நன்கொடைப் படிவத்தின் பொத்தான் இயங்கும்படி செய்திருக்கிறேன். வெளிநாட்டுக் குடிமக்களிடமும் இந்திய வங்கிக் கணக்கு இருக்கக்கூடும் என்பதால் அட்டையை நிறுத்துவது மட்டும் போதாது.

அன்றாடப் பெயர்ப் பட்டியலைக் குருக்களின் கைபேசிக்கு அனுப்பலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நான் அப்படித்தான் தொடங்கினேன். “ஈரக் கையோடு சந்நிதியில் அதை எப்படிப்பா தள்ளிப் பார்ப்பது?” என்று எங்கள் குருக்கள் கேட்ட பிறகு, முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குப் பட்டியல் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சாகும்படி மாற்றிவிட்டேன். ஆறு மணிக்கு மேல் மறுநாள் காலைக்கான பதிவையும் தளம் ஏற்பதில்லை.