‘தான்’ ஒரு விகுதி இல்லை: தமிழ்ச் சொல்லை வெட்டும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் சில மாணவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொற்களைப் பிரித்து வைத்திருந்த எக்செல் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் வினைகளை உறுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதும் வேலை. ஐந்தாவது வரியிலேயே கண் நின்றுவிட்டது. ‘தான்: இறந்தகாலம், ஆண்பால், ஒருமை’. அதற்குக் கீழே ‘தாள்’, ‘தேன்’, ‘தோம்’.

“சார், தமிழ் ஒட்டுநிலை மொழி என்கிறார்கள். ஆனால் இதைப் பார்த்தால் காலமும் ஆளும் ஒரே துண்டில் ஒட்டிக்கிடக்கிறதே, உட்பிணைப்பு மொழி மாதிரிதானே இருக்கு?” என்றான் ஒரு மாணவன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவன் மேல் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் நானே தயாரித்த பட்டியலில் அதே ‘தான்’ அதே இடத்தில் இருந்தது. அதனால் என் மூன்று மாத வேலை குப்பைக்குப் போனது.

எழுத்துப்பிழை, கவனக்குறைவு போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை தானாகச் சரியாகிவிடும்.

எழுத்தை வெட்டுவது

முதலில் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘அமோ’ என்றால் நேசிக்கிறேன், ‘அமாவீ’ என்றால் நேசித்தேன், ‘அமாபம்’ என்றால் நேசித்துக்கொண்டிருந்தேன். மூன்றுக்கும் எழுவாய் ‘நான்’தான். ஆனால் அந்த ‘நான்’ முதல் சொல்லில் ‘ஓ’ என்றும், இரண்டாவதில் ‘ஈ’ என்றும், மூன்றாவதில் ‘ம்’ என்றும் வருகிறது. காலத்தை மாற்றினால் ஆளைக் குறிக்கும் துண்டும் மாறிவிடுகிறது. ‘இது நானுக்கு, இது காலத்துக்கு’ என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. உட்பிணைப்பு என்பது இதுதான்.

தமிழில் வந்தேன், வருகிறேன், வருவேன். எந்தக் காலமானாலும் ‘நான்’ என்பது ‘ஏன்’தான். காலத்தைக் காட்டுவது அதற்கு முன்னால் நிற்கும் ‘ந்த்’, ‘கிற்’, ‘வ்’. ஆளை மாற்றிப் பாருங்கள்: வந்தேன், வந்தோம், வந்தான், வந்தாள். ‘ந்த்’ அசையவில்லை. ஒன்றை மாற்றும்போது மற்றது அப்படியே இருக்கிறது, ஆகவே ஒட்டுநிலை.

சரி, அப்படியானால் ‘தான்’ எங்கிருந்து வந்தது? நம் எழுத்துமுறையிலிருந்து. ‘வந்தான்’ என்ற சொல்லில் காலம் முடிந்து ஆள் தொடங்கும் எல்லை, ‘தா’ என்ற உயிர்மெய்யின் நடுவில் விழுகிறது. ‘த்’ காலத்துக்குச் சொந்தம், ‘ஆ’ ஆளுக்குச் சொந்தம். காகிதத்தில் ‘தா’ ஒரே எழுத்து. கத்திரிக்கோலை எழுத்துக்கு முன்னால் வைத்தால் ‘வந் + தான்’ என்றுதான் வெட்டுப்படும். காலமும் ஆளும் ஒரு துண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒட்டுநிலை மொழி, நாம் வெட்டிய இடத்தால், உட்பிணைப்பு மொழி போல நடிக்க ஆரம்பித்துவிடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் விகுதிப் பட்டியலின் நீளத்தைப் பாருங்கள். உயிரில் தொடங்கும் ஆள் விகுதிகள் ஏன், ஓம், ஆய், ஈர்கள், ஆன், ஆள், ஆர், ஆர்கள் என்று எட்டு. கால இடைநிலைகளின் கடைசி மெய் த், ட், ற், ன், வ், ப் என்று ஆறு (கண்டான், நின்றான், போனான், படிப்பான் என்று சொல்லிப் பாருங்கள்). சரியாகப் பிரித்தால் நினைவில் வைக்க வேண்டியது எட்டும் ஆறும் பதினான்கு. எழுத்தை வெட்டினால் எட்டு ஆறு நாற்பத்தெட்டு. என் பட்டியலில் நாற்பத்தைந்துக்கு மேல் இருந்தது. உழைப்புக்கு அடையாளம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன், வெட்கம்.

பட்டியல் நீண்டது மட்டுமே என்றால் பரவாயில்லை. மூன்று மாதம் போனது வேறு காரணத்தால். ‘தான்’ போன பிறகு மிஞ்சுவது ‘வந்’. ‘படித்தான்’ என்றால் ‘படித்’. இவை எந்த அகராதியிலும் இல்லை. அதனால், மிஞ்சுவது உண்மையான வினையடியா என்று பார்க்கும் சோதனையை என் நிரலில் நிறுத்தி வைத்தேன். பிறகு சரி செய்துகொள்ளலாம் என்ற எண்ணம். விளைவு: ‘அவன்தான்’, ‘நேற்றுதான்’, ‘சும்மாதான்’ எல்லாம் இறந்தகால ஆண்பால் வினைமுற்றாகப் பதிவாயின. தேற்றப் பொருளில் வரும் ‘தான்’ தமிழ் உரைநடையில் எத்தனை இடத்தில் வரும் என்று யோசியுங்கள். மேலே மாணவன் பேசிய வாக்கியத்திலேயே ‘மாதிரிதானே’ இருக்கிறது. ‘றான்’ இன்னொரு தலைவலி. ‘நின்றான்’ இறந்தகாலம், ‘நிற்கிறான்’ நிகழ்காலம், பட்டியலில் இரண்டுக்கும் ஒரே வரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் இதை நாம் எல்லோரும் சரியாகவே செய்தோம். பகுபத உறுப்பிலக்கணம் நினைவிருக்கிறதா? வா(வ) + த்(ந்) + த் + ஆன். வா பகுதி, ‘வ’ ஆனது விகாரம், த் சந்தி, ‘ந்’ ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, ஆன் விகுதி. மதிப்பெண்ணுக்காக உருப்போட்டதுதான், ஆனாலும் வெட்டு சரியான இடத்தில், மெய்க்கும் உயிருக்கும் நடுவில் விழுந்தது. (இன்றைய மொழியியலார் சந்தியையும் இடைநிலையையும் சேர்த்து ‘ந்த்’ என்று ஒன்றாகவே எடுப்பார்கள். இந்தக் கட்டுரையில் நானும் அப்படித்தான் எடுக்கிறேன். ஆன் விகுதியின் எல்லை இரண்டிலும் ஒன்றே.) கணினி முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

கணினி வேறு இதை இன்னும் மோசமாக்குகிறது. யூனிகோடில் ‘ஆன்’ என்று தேடினால் ‘வந்தான்’ கிடைக்காது, அங்கே இருப்பது ‘ஆ’ இல்லை, துணைக்கால். அதைவிட விசித்திரம் பெயரெச்சம். ‘வந்த பையன்’ என்பதில் ‘வந்த்’ உடன் ‘அ’ விகுதி சேர்கிறது. அகரத்துக்குத் தனிக் குறி கிடையாது. புள்ளி இல்லாமல் இருப்பதுதான் அகரம். ஆக விகுதியைச் சேர்த்தால் சொல்லின் நீளம் குறைகிறது:

```python
len("வந்த்")   # 5
len("வந்த")    # 4
```

எழுத்துகளைத் துண்டாடும் எந்த நிரலும் இந்த ‘அ’வைக் கண்டுபிடிக்கப்போவதில்லை, அது அங்கே எழுதப்படவே இல்லையே. அதனால் முதல் வேலை, சொல்லை மெய்யும் உயிருமாகப் பிரிப்பது. பெரிய வேலையில்லை:

```python
import unicodedata
KURI = dict(zip("ாிீுூெேைொோௌ",
                "ஆஇஈஉஊஎஏஐஒஓஔ"))
UYIR = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃ"

def olikal(s):
    out = []
    for ch in unicodedata.normalize("NFC", s):
        if ch == "\u0BCD":
            out.pop()
        elif ch in KURI:
            out[-1] = KURI[ch]
        elif ch in UYIR:
            out.append(ch)
        else:
            out += [ch + "\u0BCD", "அ"]
    return out
```

ஒவ்வொரு மெய்யோடும் ஓர் அகரத்தைச் சேர்த்துவிட்டு, புள்ளி வந்தால் அதை எடுத்துவிடுகிறோம், வேறு குறி வந்தால் மாற்றுகிறோம், அவ்வளவுதான். ‘வந்தான்’ கொடுத்தால் வ், அ, ந், த், ஆ, ன் என்று வரும். இப்போது வலப்பக்கத்திலிருந்து ‘ஆன்’ எடுங்கள், ‘ந்த்’ எடுங்கள், மிஞ்சும் ‘வ’ என்பது ‘வா’வின் இறந்தகால வடிவம் என்று அகராதியில் ஒரு வரி இருந்தால் போதும். ‘அவன்தான்’ வந்தால் ஆன் போகும், த் போகும், மிஞ்சும் ‘அவன்’ த் ஏற்கும் வினையடி இல்லை என்று சோதனை தடுத்துவிடும்.

NFC வரியை விட்டுவிடாதீர்கள். சில கோப்புகளில் ‘ோ’ என்ற குறி இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியீடுகளாகப் பதிவாகியிருக்கும். அப்போது இந்த நிரல் ‘வந்தோம்’ என்பதை ‘வந்தாம்’ ஆக்கிவிடும். ஒரே குறியீடாக இருந்தாலும் இரண்டாக இருந்தாலும் ‘ோ’ திரையில் ஒரே மாதிரி தெரிவதால், கண்ணால் பார்த்துப் பிழையைப் பிடிக்க வழியில்லை.

வேற்றுமையிலும் அதே கதை

‘லிருந்து’ என்று ஒரு உருபு பட்டியலில் இருந்தால், மேலே சொன்ன தவறுதான். மரங்களிலிருந்து என்பது மர + ங்கள் + இல் + இருந்து. பன்மைக்கு ஒரு துண்டு, வேற்றுமைக்கு ஒரு துண்டு. வீடுகளை, வீடுகளுக்கு, வீடுகளில் என்று மாற்றிப் பார்த்தாலும் ‘கள்’ நகராது. சமஸ்கிருதத்தில் ராமாய என்றால் ராமனுக்கு, ராமேப்ய: என்றால் ராமர்களுக்கு. இதில் பன்மை எது, நான்காம் வேற்றுமை எது என்று பிரிக்க முடியாது, போதாக்குறைக்கு ஐந்தாம் வேற்றுமைப் பன்மையும் அதே ராமேப்ய:.

நீளமான சொல் என்றால் ஒட்டுநிலை என்று நினைப்பது

இல்லை. பிரிகிறதா என்பதே கேள்வி.

உருவத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது

‘ஆல்’ என்று முடிந்தால் மூன்றாம் வேற்றுமை என்று ஒரு மாணவி எல்லா இடத்திலும் குறித்திருந்தாள். ‘மழை வந்ததால்’ என்பதில் அது சரி. வந்த் + அது + ஆல். ‘அது’ சேர்ந்ததும் வினை பெயராகிவிடுகிறது, பெயர் மேல் வேற்றுமை உருபு ஏறும். (பள்ளி முறையில் இந்த ‘அது’வை அ சாரியை, து விகுதி என்பார்கள்.) ‘மழை வந்தால்’ என்பதில் ‘அது’ இல்லை. வந்த் + ஆல், நடுவில் பெயராக்கும் எதுவும் கிடையாது. அந்த ‘ஆல்’ நிபந்தனை. மழை வந்ததால் குடை எடுத்தேன், மழை வந்தால் குடை எடுப்பேன். ஒரு துண்டு எதன் மேல் ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

எல்லாப் பெட்டியையும் நிரப்பியே தீருவது

இது எதிர்ப்பக்கத் தவறு. தமிழ் ஒட்டுநிலை என்று நம்பிய பிறகு, ஒவ்வொரு சொல்லிலும் காலத்துக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு துண்டு இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பது. ‘ஆன்’ விகுதியே படர்க்கை, ஒருமை, ஆண்பால் மூன்றையும் சேர்த்துச் சுமக்கிறது, அதை உடைக்க முடியாது. எதிர்காலத்துக்கு வாருங்கள். வருவான், வருவாள், வருவேன் எல்லாவற்றிலும் ‘வ்’ இருக்கிறது. அஃறிணையில்? அது வரும், அவை வரும். ‘வ்’ இடைநிலையும் இல்லை, ‘அது’ விகுதியும் இல்லை. ‘உம்’ ஒன்றே எதிர்காலத்தையும் அஃறிணையையும் காட்டுகிறது, ஒருமை பன்மை வேறுபாடுகூட இல்லை. லத்தீன் ‘அமோ’வுக்குப் பக்கத்தில் வைக்கலாம். நான் இங்கே வெற்று உருபு ஒன்றைக் கற்பனை செய்து பெட்டியை நிரப்பினேன். வேண்டாம். ‘உம்: எதிர்காலம் + அஃறிணை’ என்று ஒரே வரியாக எழுதிவிடுங்கள். ‘நாய் வரும்’ வினைமுற்று, ‘வரும் நாய்’ பெயரெச்சம் என்பதற்கு மட்டும் இன்னொரு வரி.

பேச்சுத்தமிழை இதே பட்டியலில் போடுவது

‘வர்றான்’ என்பதில் ‘கிற்’ தேய்ந்து ‘ற்’ மட்டும் மிஞ்சியிருக்கிறது, ‘வருது’ என்பதில் அதுவும் இல்லை. தனிப் பட்டியல் போடுங்கள்.