மாதம் 8 சதவீதம் எத்தனை மாதம் ஓடும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

"லட்சம் போட்டால் மாதம் எட்டாயிரம், கேரண்டி. என் மச்சான் பத்து மாதமாக வாங்கிக்கொண்டிருக்கிறான்." இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்லவில்லை. அவருடைய மச்சானுக்கு உண்மையாகவே பணம் வந்திருக்கும். அப்படி வந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதைத்தான் இங்கே கணக்கில் பார்க்கப்போகிறோம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

படி 1: மாத வட்டியை வருடக் கணக்கில் பாருங்கள்

மாதம் 8 சதவீதம் என்று கேட்கும்போது சிறிய எண்ணாகத்தான் தோன்றும். 12 மாதத்துக்கு அது 96 சதவீதம். வரும் வட்டியை எடுக்காமல் திரும்பத் திரும்பப் போட்டால், ஒரு லட்சம் ஒரு வருடத்தில் சுமார் இரண்டரை லட்சமாகும், பத்து வருடத்தில் 102 கோடியைத் தாண்டும்.

கால்குலேட்டரில் 1.08-ஐ 120 தடவை பெருக்கிப் பாருங்கள், பத்தாயிரத்துக்கு மேல் வரும். உண்மையிலேயே இப்படி லாபம் தரும் தொழில் ஒருவரிடம் இருந்தால், அவருக்குத் தன்னுடைய ஒரு லட்சமே போதும். உங்கள் பணம் எதற்கு? இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் வங்கியில் மாதம் ஒரு சதவீதம் சொச்சத்துக்குக் கடன் வாங்கிக்கொள்வார். உங்களுக்கு எட்டு தரவேண்டிய அவசியமே இல்லை.

படி 2: ஒரே ஒருவரின் பணத்தைப் பின்தொடருங்கள்

தொழில் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு லட்சம் கட்டுகிறீர்கள். சேர்த்துவிட்ட ஏஜென்டுக்கு 5,000 கமிஷன் போகிறது, மீதி 95,000. அதிலிருந்து மாதம் 8,000 எடுத்து உங்களுக்கே கொடுத்தால் 11 மாதத்தில் 88,000 போய்விடும். கையில் 7,000 நிற்கும். 12-வது மாதம் கொடுக்க முடியாது.

அதாவது முதல் 11 மாதம் உங்கள் பணமே வட்டி என்ற பெயரில் உங்களுக்குத் திரும்பி வருகிறது. பத்து மாதம் வாங்கிய மச்சான் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார். அவர் இதுவரை வாங்கியது 80,000. போட்ட அசலே இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் லாபம் பார்த்துவிட்டதாக நினைத்து அடுத்தவரை அழைத்து வருகிறார்.

படி 3: மாதம் நூறு பேர் சேர்ந்தால்?

இதுதான் முக்கியமான கணக்கு. மாதம் தவறாமல் 100 பேர் ஆளுக்கு ஒரு லட்சம் கட்டுகிறார்கள். கமிஷன் போக மாதம் 95 லட்சம் உள்ளே வருகிறது. சேர்ந்த அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் 8,000. நடத்துபவர் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை, அசலையும் யாரும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நிஜத்தில் இவ்வளவு நல்ல நிலைமை இருக்காது.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் போடலாம். A பத்தியில் இரண்டாவது வரியிலிருந்து மாத எண் (1, 2, 3...), மற்றவை இப்படி:

```
B2: =95
C2: =8*(A2-1)
D2: =B2-C2
D3: =D2+B3-C3
```

B வரவு, C செலவு, D கையிருப்பு, எல்லாம் லட்சத்தில். B2, C2, D3 மூன்றையும் கீழே இழுத்துவிடுங்கள். கவனிக்க வேண்டிய வரிகள் இவை:

| மாதம் | வரவு | செலவு | கையிருப்பு |
|---|---|---|---|
| 1 | 95 | 0 | 95 |
| 12 | 95 | 88 | 612 |
| 13 | 95 | 96 | 611 |
| 24 | 95 | 184 | 72 |
| 25 | 95 | 192 | −25 |

12-வது மாதம் கையில் 6 கோடிக்கு மேல் இருக்கிறது. பெரிய ஹோட்டலில் விழா எடுப்பார்கள், அதிகம் ஆள் சேர்த்தவருக்குக் கார் தருவார்கள். ஆனால் அப்போதே 1,200 பேருக்கு 12 கோடி அசல் பாக்கி. 13-வது மாதம் செலவு வரவைத் தாண்டுகிறது, வெறும் ஒரு லட்சம்தான். வெளியே யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் ஒரு வருடம் முழுக்க எல்லோருக்கும் தேதி தவறாமல் பணம் வருகிறது, உள்ளே கையிருப்பு கரைகிறது. 24-வது மாதக் கடைசியில் 2,400 பேரின் 24 கோடிக்கு எதிரே 72 லட்சம் மட்டுமே. லட்சத்துக்கு 3,000 ரூபாய். 25-வது மாதம் கொடுக்கப் பணமில்லை.

அந்த 24-வது மாதத்தில் சேர்ந்தவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடம் ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று விசாரித்துவிட்டுத்தான் அவர் பணம் கட்டியிருப்பார்.

படி 4: அதிகம் பேர் சேர்ந்தால் தப்பிக்குமா?

கையிருப்பு தீர்ந்தபின் பழைய ஆட்களுக்குப் புதியவர் பணத்தில்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 8,000, புதியவர் ஒருவரிடமிருந்து 95,000. ஆக, இருக்கும் ஒவ்வொரு 100 பேருக்கும் மாதம் எட்டு, ஒன்பது பேர் புதிதாக வரவேண்டும். வந்தவர்களுக்கும் அடுத்த மாதம் கொடுக்க வேண்டும் என்பதால், ஒன்பது மாதத்துக்குள் மொத்த ஆட்கள் இரட்டிப்பாக வேண்டும். 2,400 பேரை 15 தடவை இரட்டிப்பாக்கினால் 7.86 கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்தவர்களே 7.21 கோடிதான், கைக்குழந்தைகளையும் சேர்த்து. இதற்குப் பதினோரு வருடம்கூட ஆகாது.

வட்டி கூடக்கூட இது இன்னும் சீக்கிரம் முடியும். ஷீட்டில் 8-ஐ 30 ஆக்குங்கள்: எட்டாவது மாதமே கையிருப்பு மைனஸ். 2022-ல் தமிழ்நாட்டையே உலுக்கிய ஆருத்ரா வழக்கில், மாதம் 25 முதல் 30 சதவீதம் என்று சொல்லி ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் தெரிவித்தார்கள். இரண்டு வருடத்துக்குள் இத்தனை பேர். ஆட்கள் அந்த வேகத்தில் பெருகாவிட்டால் அந்த வட்டி ஒரு வருடம்கூட ஓடாது.

படி 5: உள்ளே கையிருப்பு கரைகிறது என்று எப்படித் தெரியும்?

கணக்குப் புத்தகத்தை உங்களிடம் காட்டமாட்டார்கள். ஆனால் செலவு வரவைத் தாண்டிய நிறுவனம் இரண்டே வேலைதான் செய்ய முடியும்: வெளியே போகும் பணத்தைத் தள்ளிப்போடுவது, உள்ளே வரும் பணத்தைக் கூட்டுவது. "இந்த மாத வட்டியை எடுக்காமல் அசலோடு சேர்த்தால் கூடுதலாக 2 சதவீதம்" என்பது முதல் வகை. "அசல் வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்", "சர்வர் மாற்றுகிறோம், இருபதாம் தேதிக்கு மேல் வரும்" என்பதும் அதுவே. ஏஜென்ட் கமிஷன் திடீரென்று ஏறுவதும், "இந்த மாதக் கடைசி வரை மட்டும்" என்று புதுத் திட்டம் வருவதும் இரண்டாவது வகை.

என்றைக்கு நிற்கும் என்று இந்த ஷீட் தேதி சொல்லாது. நடத்துபவர் எவ்வளவு எடுக்கிறார், எத்தனை பேர் அசலைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது முன்னால் வரும். 18-வது மாதத்தைப் பாருங்கள்: 1,800 பேர், கையில் 486 லட்சம். ஒரு வதந்தி கிளம்பி 500 பேர் அசலைக் கேட்டாலே அன்றைக்கே கதவு மூடிவிடும்.

ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் வட்டியைத் திரும்பப் போடாதீர்கள். அசலை எழுத்தில் கேளுங்கள், ரசீது, பத்திரம், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வரவில்லை என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் 1997-ம் வருட முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சிறப்பு நீதிமன்றம் சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டு, பணம் கட்டியவர்களுக்குப் பிரித்துத் தரமுடியும். மிச்சம் இருப்பதிலிருந்துதான் பிரிக்க முடியும் என்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பங்கு குறைகிறது. போட்டதை மீட்க இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த வழக்குகளில் ஏஜென்டுகளும் கைதாகியிருக்கிறார்கள்.